மழைநீர் சேகரிப்புக் கொள்கைக் குறிப்பு: திருத்திய செயல் சுருக்கம்

மேடம், பழைய வரைவு 2003-இல் தொடங்கி வரலாறு பேசிவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசிப் பத்தியில் கேட்டது. ஆணையர் அதுவரை படிப்பாரா என்பது சந்தேகம்தான். கேட்பதை மேலே ஏற்றிவிட்டேன்.

பரிந்துரை

சென்னை மாநகராட்சிக் கட்டிடங்கள், பள்ளிகள் அனைத்திலும் உள்ள, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் தொட்டிகளை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் தூர்வார உத்தரவிட வேண்டும். புதிய தொட்டிகளுக்கான நிதியின் ஒரு பகுதியை இந்த ஆண்டு பராமரிப்புக்குத் திருப்பலாம். வீட்டு உரிமையாளர்களுக்கு அபராதம் இப்போதைக்கு வேண்டாம்.

காரணம்

எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமானது. கட்டியதோடு சரி, அப்புறம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஜல்லிக்கு மேல் சேறும் சருகும் இறுகிப்போய், மாடித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி நேராகத் தெருவுக்கு ஓடுகிறது. நகரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால், ஜனவரியில் தூர்வாரிப் பயனில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டதை ஆணையருக்கு நினைவூட்டத் தேவையில்லை; ஒரு வரி போதும்.

களிமண் பகுதிகளில் தூர்வாரினாலும் நீர் சட்டென்று இறங்காது. அங்கே தரைத்தொட்டியில் சேமித்துப் பயன்படுத்துவதே நல்லது.

அபராதம் ஏன் வேண்டாம்? நம் கட்டிடத் தொட்டிகளே அடைத்துக் கிடக்கும்போது மக்களிடம் கேட்க நமக்கு வாயில்லை.