முறை ஆய்வு, நேர ஆய்வு, உற்பத்தித்திறன்: ஒரே மேசையில் ஆறு கேள்விகள்

செயல்பாட்டு மேலாண்மைத் தேர்வுக்கான பயிற்சித் தாள் இது. ஆறு கேள்விகளும் ஒரே வேலையைப் பற்றியவை. மேசையில் அமர்ந்திருக்கும் பணியாளர் ஓர் அடித்தட்டில் இரண்டு மின் ஸ்விட்சுகளைப் பொருத்துகிறார். நான்கு திருகுகளை முடுக்கி, மேல்மூடியைப் போட்டு, ஸ்விட்ச் இயங்குகிறதா என்று பார்த்துத் தட்டில் வைக்கிறார். விடைகளைப் பார்க்காமல் முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். எங்கே இடறினீர்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி 1. தற்போதைய ஓட்டச் செயல்முறை விளக்கப்படத்தில் செயல் 5, இடமாற்றம் 4, தாமதம் 2, சோதனை 2, இருப்பு 1 என 14 நிலைகள் உள்ளன. பொருள் நகரும் தொலைவு 38 மீட்டர். முறை ஆய்வு செய்து மேம்பட்ட முறையை முன்மொழிக.

விடை. முறை ஆய்வின் படிகள்: வேலையைத் தேர்ந்தெடுத்தல், உள்ளதைப் பதிவுசெய்தல், கேள்விக்கு உட்படுத்துதல், புதிய முறையை உருவாக்குதல், அதை வரையறுத்தல், நடைமுறைப்படுத்துதல், நிலைக்கச் செய்தல். இதைப் பட்டியலாக எழுதிவிட்டு நிறுத்தும் மாணவர்கள் பலர். மதிப்பெண் இருப்பதோ மூன்றாவது படியில். பதிவான ஒவ்வொரு நிலையிடமும் ஐந்து விஷயங்களைக் கேட்க வேண்டும்: நோக்கம், இடம், வரிசை, ஆள், வழி. இது ஏன் நடக்கிறது? ஏன் இங்கே? ஏன் இப்போது? ஏன் இவர்? ஏன் இப்படி? ஒவ்வொன்றுக்கும் பிறகு, 'வேறு எப்படி இருக்கலாம்' என்று தொடர வேண்டும்.

நோக்கத்தை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிலையே தேவையில்லை என்றால் அதை எப்படி விரைவாகச் செய்வது என்று யோசிப்பது வீண் வேலை. நீக்க முடியுமா, இணைக்க முடியுமா, வரிசையை மாற்ற முடியுமா, எளிமையாக்க முடியுமா என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

நம் மேசையில் சோதனை இரண்டு முறை நடக்கிறது: ஒருமுறை பொருத்தியதும், மறுமுறை பொதியும் மேசையில். இரண்டிலும் பார்ப்பது ஒன்றையே, ஸ்விட்ச் இயங்குகிறதா என்பதை. ஆகவே இரண்டாவதை நீக்கிவிடலாம். அதற்காகக் காத்திருந்த தாமதமும் அதோடு போய்விடும். திருகுப் பெட்டியும் மூடிப் பெட்டியும் தொலைவில் உள்ள அலமாரியில் இருப்பதால் இரண்டு இடமாற்றங்கள் வருகின்றன. அவற்றை மேசையின் கை எட்டும் வளைவுக்குள் கொண்டுவந்தால் அந்த இரண்டும் இல்லாமல் போகும். முன்மொழியும் முறையில் செயல் 5, இடமாற்றம் 2, தாமதம் 1, சோதனை 1, இருப்பு 1 என 10 நிலைகள். தொலைவு 11 மீட்டர். செயல்களின் எண்ணிக்கை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்தைத் தின்றுகொண்டிருந்தவை செயல்களைச் சூழ்ந்திருந்த நிலைகள்.

கேள்வி 2. கில்பிரெத் தம்பதியர் முறை ஆய்வுக்குத் தந்தது என்ன?

விடை. இங்கே நான்கு வரி போதும். ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் அடுக்கும் வேலையைக் கவனித்து, ஒரு செங்கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகளை ஏறத்தாழ 5 ஆகக் குறைத்தார். குனிந்து எடுப்பதைத் தவிர்க்கச் செங்கற்களை உயரத்தில் வைக்கும் சாரம் அதற்கு உதவியது. கையின் அடிப்படை அசைவுகளுக்கு அவரும் லிலியனும் வைத்த 'தெர்ப்ளிக்' என்ற பெயர், தங்கள் குடும்பப் பெயரைப் பின்னிருந்து படித்ததுபோல் அமைந்தது. ஃபிரெடரிக் டெய்லர் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தார் என்றால், இவர்கள் கையின் அசைவையே பார்த்தார்கள்.

கேள்வி 3. புதிய முறை நிலைத்தபின் எடுத்த அளவுகள் கீழே உள்ளன (நிமிடத்தின் நூறில் ஒரு பங்கு அலகில்). அடிப்படை நேரத்தில் 15% சலுகை நேரம் சேர்த்து, நிலையான நேரத்தையும் 480 நிமிட ஷிஃப்டில் எதிர்பார்க்கத்தக்க உற்பத்தியையும் காண்க.

அ. அடித்தட்டும் ஸ்விட்சுகளும் பொருத்துதல்: 24, 26, 25, 23, 27, 25, 24, 26, 25, 25. ரேட்டிங் 100.
ஆ. நான்கு திருகுகள்: 48, 52, 50, 49, 51, 50, 96, 50, 47, 53. ரேட்டிங் 110.
இ. மூடி, சோதனை, வைத்தல்: 20, 19, 21, 20, 20, 22, 18, 20, 21, 19. ரேட்டிங் 90.
ஈ. 10 துண்டுகளுக்கு ஒருமுறை பாகப் பெட்டி மாற்றுதல்: 78, 82. ரேட்டிங் 100.

விடை. கணக்கைத் தொடங்கும் முன் 'ஆ' வரிசையில் உள்ள 96 என்ற எண்ணில் சற்று நில்லுங்கள். அதன் அருகே, 'திருகு கீழே விழுந்தது, குனிந்து எடுத்தார்' என்ற குறிப்பு இருந்தால், அது வேலைச் சுழற்சியின் பகுதி இல்லை. காரணத்தை எழுதி அந்த அளவை விலக்கலாம். குறிப்பே இல்லாமல், பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் விலக்கக் கூடாது. திருகு விழுவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடப்பதாக இருந்தால், அது எத்தனை துண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது என்று எண்ணி, தற்செயல் நேரமாகச் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தை யாரோ ஒருவர் தம் உடலால் செலவிடுகிறார். தாளில் அடித்துவிட்டால் அது இல்லாமல் போய்விடாது. இங்கே காரணக் குறிப்பு உண்டு, அது ஒரே ஒருமுறை நடந்தது என்று கொள்வோம்.

அ: சராசரி 25, அடிப்படை நேரம் 25 × 100/100 = 25.
ஆ: 96 நீக்கி மொத்தம் 450, சராசரி 450/9 = 50. 50 × 110/100 = 55.
இ: சராசரி 20, 20 × 90/100 = 18.
ஈ: சராசரி 80. ஒரு துண்டின் பங்கு 80/10 = 8.

'ஈ' வரியைப் பத்தால் வகுக்க மறந்து 80-ஐ அப்படியே கூட்டுவது, நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

மொத்த அடிப்படை நேரம் 106, அதாவது 1.06 நிமிடம். நிலையான நேரம் 1.06 × 1.15 = 1.219 நிமிடம். ஷிஃப்டில் 480/1.219 = 393 துண்டுகள். ஓய்வு நேரம் சலுகைக்குள் அடங்கியிருந்தால், 480-இலிருந்து அதை மறுபடி கழிக்கக் கூடாது.

'ஷிஃப்ட் நேரத்தில் 15%' என்று கேள்வி சொல்லியிருந்தால் விடை வேறு: 1.06/0.85 = 1.247 நிமிடம், 384 துண்டுகள். ஒரு சொல்லின் மாற்றம் ஒன்பது துண்டுகளை மாற்றுகிறது. கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. 'ஆ' பகுதியில் 110 என்றால், தகுதியுள்ள பணியாளர் இயல்பாக இயங்கும் வேகத்தைவிட இவர் விரைவாக இயங்கினார் என்று பொருள். அதனால்தான் நேரம் 50-இலிருந்து 55-ஆக உயர்கிறது. வேகமாகச் செய்தவரின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணித் தலைகீழாக வகுப்பவர்கள் உண்டு. ஒருவரின் கூடுதல் உழைப்பை எல்லோருக்குமான அளவுகோலாக்காமல் காப்பதே ரேட்டிங்கின் வேலை.

கேள்வி 4. 95% நம்பிக்கை, ±5% துல்லியத்துக்கு 10 அளவுகள் போதுமா?

விடை. சூத்திரம்:

```
n = [ 40 √(n'Σx² − (Σx)²) / Σx ]²
```

'இ' பகுதியில் n' = 10, Σx = 200, Σx² = 4012. மூலத்துக்குள் 40120 − 40000 = 120, அதன் மூலம் 10.95. 40 × 10.95/200 = 2.19, இருமடியாக்கினால் 4.8. ஆக 5 அளவுகள் போதும். இதே வழியில் 'அ'வுக்கு 4, 96 நீக்கிய 'ஆ'வுக்கு 2. மூன்றில் பெரியது 5, கையில் இருப்பதோ 10. எனவே போதும்.

96-ஐ விட்டுவைத்து 'ஆ'வுக்குப் போட்டுப் பாருங்கள்: Σx = 546, Σx² = 31744, விடை 104. கீழே விழுந்த ஒரு திருகு 2 என்ற எண்ணை 104 ஆக்கிவிடுகிறது. களத்தில் 104 என்று வந்தால் ஸ்டாப்வாட்சைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். முறை இன்னும் நிலைக்கவில்லையோ என்று சந்தேகியுங்கள். முறை ஆய்வு முடியாத இடத்தில் நேர ஆய்வு செய்தால் கிடைப்பது நிலையான நேரம் ஆகாது. குழப்பத்தின் சராசரிதான் கிடைக்கும்.

கேள்வி 5. பணியாளர்கள் வேலையின்றிக் காத்திருக்கும் நேரம் சுமார் 20% என முன்னோட்டத்தில் தெரிகிறது. 95% நம்பிக்கையில் ±3 சதவீதப் புள்ளி துல்லியத்துக்கு எத்தனை கவனிப்புகள் தேவை?

விடை. இது வேலை மாதிரியெடுப்பு. துணி ஆலைகளில் இதைப் பயன்படுத்திக் காட்டியவர் டிப்பெட்.

```
n = z² p (1 − p) / e² = 1.96² × 0.2 × 0.8 / 0.03² = 682.95
```

மேல்நோக்கி முழுமையாக்கி 683. கவனிப்புகள் தற்செயலான நேரங்களில் நடக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை சரியாகப் போய் நின்றால், எல்லோரும் அந்த நேரத்துக்குத் தயாராக இருப்பார்கள்.

கேள்வி 6. மூன்று நாள்களின் விவரம். முதல் நாள்: 48 உழைப்பு மணி, 1,920 துண்டுகள். இரண்டாம் நாள், கூடுதல் நேர வேலையுடன்: 60 மணி, 2,280 துண்டுகள். மூன்றாம் நாள், புதிய முறையில்: 40 மணி, 2,000 துண்டுகள். செலவு நாணய அலகில்: முதல் நாள் உழைப்பு 480, பொருள் 3,840, மின்சாரமும் கருவியும் 80. மூன்றாம் நாள் 400, 4,200, 200. உற்பத்தித்திறனை ஒப்பிடுக.

விடை. உழைப்பு உற்பத்தித்திறன் முதல் நாள் 1920/48 = 40, இரண்டாம் நாள் 2280/60 = 38, மூன்றாம் நாள் 2000/40 = 50. இரண்டாம் நாள் உற்பத்தி 18.75% உயர்ந்தது, உற்பத்தித்திறனோ 5% குறைந்தது. உற்பத்தியும் உற்பத்தித்திறனும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

மூன்றாம் நாள் 25% உயர்வு. நிலையான நேரத்தோடு பொருந்துகிறதா? 2000 × 1.219 = 2,438 நிமிடம், அதாவது 40.63 நிலையான மணி. செலவான 40 மணியோடு ஒப்பிட்டால் செயல்திறன் 101.6%. நாம் வகுத்த நேரம் நடக்கக்கூடியதுதான் என்று இது காட்டுகிறது.

இத்தோடு பேனாவை மூடிவிடாதீர்கள். பல்காரணி உற்பத்தித்திறன் முதல் நாள் 1920/4400 = 0.436, மூன்றாம் நாள் 2000/4800 = 0.417. சுமார் 4.5% சரிவு. ஒரு துண்டுக்கான பொருள் செலவு 2.00-இலிருந்து 2.10 ஆகியிருக்கிறது, கருவிச் செலவு 80-இலிருந்து 200 ஆகியிருக்கிறது. பாகங்கள் வீணாகின்றனவா, விலை ஏறியதா என்பதை இந்த எண்கள் மட்டும் சொல்லாது. விலை மாற்றத்தைப் பிரிக்க, இரண்டு நாள்களையும் முதல் நாளின் விலையில் மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிட்ட பிறகும் சரிவு தொடர்ந்தால், ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துவிட்டுத் திருகு மேசைக்குப் போய், மேசைக்கு அடியில் உள்ள கழிவுத் தொட்டியைப் பாருங்கள்.