ஐப்பசி மாதக் கழிவுக் கற்கள்: புள்ளிவிவரத் தொகுதிக்கான விளக்கக் குறிப்பு

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையின் முதலாளி அவர்களுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து எழுதுவது. நேற்று மாலை தங்கள் கைபேசிக்கு அனுப்பிய திரைப்பிடிப்புப் படத்தில் இருந்தவை, ஐப்பசியில் வேலை நடந்த 25 நாள்களில் நாளொன்றுக்குக் கழித்துப் போட்ட கற்களின் எண்ணிக்கையைக் கொண்டு விரிதாள் கணக்கிட்டுத் தந்த அளவுகள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் அவற்றை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி மீண்டும் கீழே தருகிறேன்.

```
Mean                       9.52
Standard Error             0.80
Median                     9
Mode                       8
Standard Deviation         4.02
Sample Variance            16.18
Kurtosis                   11.95
Skewness                   3.03
Range                      21
Minimum                    5
Maximum                    26
Sum                        238
Count                      25
Confidence Level(95.0%)    1.66
```

சராசரி 9.52 என்பதைப் பார்த்து, "அப்படியென்றால் நாளுக்குப் பத்துக் கல் வீண் என்று விலைப்புள்ளியில் போட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். போட வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் இந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் திட்டப் பிழை. பெயரில் பிழை என்று இருந்தாலும், எண்ணியவர் செய்த தவறு எதையும் அது குறிக்கவில்லை. திட்ட விலக்கமான 4.02ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தால் 0.80 வருகிறது, அவ்வளவுதான். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் கழிவு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்வது 4.02. இதே போன்ற இன்னொரு 25 நாள்களை எடுத்தால் சராசரி எவ்வளவு நகரக்கூடும் என்பதைச் சொல்வது 0.80. "நாளுக்கு ஒரு கல்கூட வித்தியாசம் இல்லையே" என்று மேஸ்திரி மகிழ்ந்தது இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதால்தான். கடைசி வரியிலுள்ள 1.66ஐச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் 7.86 முதல் 11.18 வரை ஓர் இடைவெளி கிடைக்கிறது. ஆனால் அடுத்தடுத்த நாள்களின் கழிவு ஒன்றையொன்று பாதிக்கக்கூடியது என்பதால், அந்த இடைவெளியை அப்படியே நம்பிவிடவும் முடியாது.

கோட்ட அளவை 3.03. இருபுறமும் ஒத்திருக்கும் தரவுக்கு இது சுழியத்தை ஒட்டி நிற்கும்; நேர்மதிப்பில் இவ்வளவு உயர்ந்தால், பெரிய எண்களின் பக்கம் ஒரு நீண்ட வால் இருக்கிறது என்று பொருள். முகடு 8, இடைநிலை 9, சராசரி 9.52 என்று மூன்றும் படிப்படியாக ஏறுவதும் அதையே காட்டுகிறது. 25 நாள்களில் 16 நாள்களின் கழிவு 9 அல்லது அதற்கும் குறைவு. அதாவது பெரும்பாலான நாள்கள் சராசரிக்குக் கீழேதான் இருக்கின்றன.

தட்டை அளவை 11.95 என்பதைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். விரிதாள் இயல்நிலைப் பரவலுக்குச் சுழியம் வருமாறு கழித்துத்தான் இந்த எண்ணைத் தருகிறது. ஆகவே இதை 3உடன் ஒப்பிடக் கூடாது. வளைவின் உச்சி கூர்மையானது என்று இதற்குப் பொருள் சொல்வதைவிட, சராசரியிலிருந்து வெகுதூரம் விலகிய மதிப்பு இருக்கிறது என்று படிப்பதே சரி. விலகல்களின் நான்காம் அடுக்கைக் கூட்டித்தான் இந்த அளவை வருகிறது. அந்தக் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஒரே ஒரு நாளிலிருந்து, அந்த 26இலிருந்து, வருகிறது.

அந்த நாளுக்குரிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு மையில் "மழை, கொட்டகை ஒழுகல், கண்ணாடியிலிருந்து முன்னதாக எடுத்தது, விளிம்பு போயிற்று" என்று மேஸ்திரி எழுதியிருக்கிறார். கண்ணாடியின் மேல் கலவை இறுகுமுன் கல்லைப் பெயர்த்தால் விளிம்பு நிற்காது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு நாளை நீக்கிக் கணக்கிட்டுப் பார்த்ததில் சராசரி 8.83, திட்ட விலக்கம் 2.14, திட்டப் பிழை 0.44, கோட்ட அளவை 0.50, தட்டை அளவை 0.19 என்று இறங்குகின்றன. இடைநிலை 9இலிருந்து 8.5க்குத்தான் வந்தது; முகடு அசையவே இல்லை.

முகட்டைப் பற்றி ஒரு சிறு ஐயம் உண்டு. 8 என்ற எண் ஆறு நாள்களில் வருகிறது. உண்மையிலேயே எட்டுக் கற்கள் கழிந்தனவா, அல்லது மாலையில் எண்ணாமல் "எட்டு" என்று எழுதும் பழக்கமா என்பதை இந்தத் தாள் சொல்லாது. இரண்டு எண்கள் சம அளவில் அதிகமாக வந்தால்கூட இந்த வரியில் ஒன்றுதான் தெரியும்; எந்த எண்ணும் மறுபடி வராவிட்டால் `#N/A` என்று நிற்கும். அதனால் முகட்டை மட்டும் வைத்து விலை சொல்வதும் உகந்ததன்று.

காரைக்குடி வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கான விலைப்புள்ளியில் நாளுக்கு 9 கல் என்று எடுத்துக்கொண்டு, மழைக்காலச் சேதத்துக்குத் தனியே ஒரு தொகை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 26ஐத் தாளிலிருந்து அழிக்கவில்லை. அதன் பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதி வைத்திருக்கிறேன். கார்த்திகை முதல் கழிவை மாலையில் குவியலைப் பார்த்து எழுதாமல், கல்லைக் கழிக்கும்போதே கோடு போட்டு எண்ணச் சொல்லியிருக்கிறேன்.