தீபாவளிக்கு வந்த வெள்ளி விளக்கு குறித்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சனிக்கிழமை லோடு வண்டியில் நீங்கள் கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியும் வெள்ளிக் குத்துவிளக்கும் வந்து சேர்ந்தன. இனிப்பை பேக்கிங் செக்‌ஷனில் வைத்தோம், டீ நேரத்துக்குள் பெட்டி காலி. எல்லோரும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

விளக்கைத்தான் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரக்கு தருபவர்களிடமிருந்து இனிப்பு, டைரி, காலண்டர் தவிர வேறு எதுவும் வாங்கக்கூடாது என்று எங்கள் கம்பெனியில் விதி. பர்ச்சேஸில் இருப்பவர்கள் வருடா வருடம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டிலும் இதையெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு மட்டுமல்ல, எம்.டி.க்கும் இதே விதிதான். போன வருடம் நூல் மில்லில் இருந்து அவருக்கு வந்த வாட்சும் இப்படித்தான் திரும்பிப் போனது.

விதியை விடுங்கள், புதன்கிழமை நீங்கள் ரேட் பேச வருகிறீர்கள். கிராஃப்ட் பேப்பர் விலை ஏறிவிட்டது என்பீர்கள், நான் அட்டைப் பெட்டிக்கு ஒரு ரூபாயாவது குறையுங்கள் என்பேன். உங்கள் விளக்கு என் பூஜை அறையில் எரியும்போது அந்த ஒரு ரூபாயை எந்த வாயால் கேட்பேன்? நம் சண்டை எப்போதும் போல நடக்க வேண்டும் அண்ணாச்சி.

பண்டிகை நேரத்தில் விளக்கைத் திருப்பி அனுப்புகிறோமே என்று என் மனைவிக்கும் சங்கடம். அதனால் பொட்டு வைக்கவில்லை, திரி போடவில்லை, சுற்றி வந்த பட்டுத் துணியைக்கூடப் பிரிக்கவில்லை. உங்கள் புது குடோன் பூஜையில் அண்ணி கையால் ஏற்றுங்கள், நாங்கள் வந்து கும்பிடுகிறோம். வெறுமனே அனுப்ப மனம் வராமல் வீட்டில் சுட்ட அதிரசம் கொஞ்சம் வைத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொள்ள உங்களுக்கு எந்த விதியும் தடையில்லை!

திங்கட்கிழமை வரும் உங்கள் வண்டியிலேயே கேட் பாஸ் போட்டு அனுப்புகிறேன். டிரைவரிடம் பார்சல் என்று மட்டும் சொல்கிறேன்.

இதனால் ஆர்டரிலோ பில்லிலோ ஒன்றும் மாறாது. போன மழையில் ஷிப்மென்ட் தவறிப் போக இருந்தபோது இரவோடு இரவாக மெஷின் ஓட்டிப் பெட்டி அனுப்பினீர்களே, அதை இங்கே யாரும் மறக்கவில்லை. நிலுவையில் உள்ள இரண்டு பில்லும் அக்கவுன்ட்ஸில் பாஸ் ஆகிவிட்டன, பண்டிகைக்கு முன்பே பணம் ஏறிவிடும்.

ஜனவரிக்கு உங்கள் முருகன் காலண்டர் மட்டும் கட்டாயம் வர வேண்டும், அதற்கு அனுமதி உண்டு. புதன்கிழமை வரும்போது 7 ப்ளை பெட்டியின் பர்ஸ்டிங் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
செந்தில்
பர்ச்சேஸ், திருப்பூர்