தொடர்வரிசை: விருப்பங்களைச் சூத்திரத்தில் வைத்துச் சரிபார்க்கும் வினாக்கள்

தண்டையார்பேட்டை மாலை வகுப்பில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான பயிற்சித் தாள்

கூட்டுத் தொடர்வரிசையின் n-ஆவது உறுப்பு tₙ = a + (n − 1)d; பெருக்குத் தொடர்வரிசையில் அது tₙ = a × r^(n − 1). கீழ்வரும் வினாக்களில் சரியான விடை கண்ணில் பட்டவுடன் நிறுத்திவிடாமல், மற்ற மூன்று விருப்பங்களும் எந்த இடத்தில் தவறுகின்றன என்பதையும் எழுதிப் பாருங்கள். வினா அமைப்பவர் தவறான விருப்பங்களையும் யோசித்தே வைக்கிறார் என்பதால், அவற்றைச் சோதிக்கும்போதுதான் சூத்திரம் உண்மையில் கைவசமாகிறது.

வினா 1. 7, 13, 19, 25, … என்ற கூட்டுத் தொடர்வரிசையின் உறுப்பு எது?
(அ) 1 (ஆ) 148 (இ) 151 (ஈ) 156

தீர்வு: a = 7, d = 6 என்பதால் tₙ = 6n + 1. ஒவ்வொரு விருப்பத்திலிருந்தும் 1-ஐக் கழித்து 6-ஆல் வகுத்தால் n கிடைக்கும். 148-க்கு n = 24.5 என வருகிறது. 156-க்கு 155-ஐ 6-ஆல் வகுக்கும்போது மீதி 5 வருகிறது. ஆகவே இரண்டும் உறுப்புகள் அல்ல. 151-க்கு n = 25. விருப்பம் (அ)-வில் மட்டும் நிதானம் தேவை: அங்கே n = 0 என முழு எண்ணே கிடைக்கிறது, ஆனால் n ஓர் இயல் எண்ணாக, அதாவது 1 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்தால்தான் அது உறுப்பின் வரிசை எண்ணாகும். விடை (இ).

வினா 2. காசிமேட்டில் படகு இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கிய ஒருவர், முதல் மாதம் ₹850 செலுத்தி, அடுத்தடுத்த மாதங்களில் முந்தைய மாதத்தைவிட ₹125 கூடுதலாகச் செலுத்தி, 24 மாதங்களில் கடனை முடிக்கிறார். பின்வருவனவற்றுள் அவருடைய மாதத் தவணையாக இருக்கக்கூடிய தொகை எது?
(அ) ₹2,300 (ஆ) ₹2,475 (இ) ₹3,850 (ஈ) ₹3,900

தீர்வு: tₙ = 725 + 125n. முறையே n = 12.6, 14, 25, 25.4 எனக் கிடைக்கின்றன. (இ)-யில் n இயல் எண்தான் என்றாலும், 25-ஆவது மாதம் என்று ஒன்று இந்தக் கடனில் இல்லை. வினாவில் சொல்லப்பட்ட 24 மாத எல்லையை மறந்தவருக்கு இரண்டு விடைகள் இருப்பதாகத் தோன்றும். விடை (ஆ).

வினா 3. 3, 6, 12, … என்ற பெருக்குத் தொடர்வரிசையில் இடம்பெறாத எண் எது?
(அ) 192 (ஆ) 384 (இ) 576 (ஈ) 768

தீர்வு: ஒவ்வோர் எண்ணையும் 3-ஆல் வகுத்தால் 64, 128, 192, 256. இவற்றில் 64, 128, 256 ஆகியவை முறையே 2⁶, 2⁷, 2⁸ என்பதால் அவ்வெண்கள் 7, 8, 9-ஆவது உறுப்புகள். 192 = 64 × 3 என்பது 2-இன் அடுக்கு அன்று. விடை (இ).

வினா 4. 100, 93, 86, … என்ற தொடர்வரிசையின் முதல் குறை எண் உறுப்பு எத்தனையாவது?
(அ) 14 (ஆ) 15 (இ) 16 (ஈ) 17

தீர்வு: tₙ = 107 − 7n. விருப்பங்களை வரிசையாகப் பிரதியிட்டால் 9, 2, −5, −12. கடைசி இரண்டும் குறை எண்களே. ‘முதல்’ என்ற சொல்லால் விடை (இ).

வினா 5. ஒரு பெருக்குத் தொடர்வரிசையில் t₃ = 24, t₆ = 192 எனில், tₙ எது?
(அ) 8n (ஆ) 3 × 2ⁿ (இ) 3 × 2^(n − 1) (ஈ) 56n − 144

தீர்வு: இந்தத் தாளில் அதிக நேரம் செலவிட வேண்டிய வினா இதுவே. n = 3 எனப் பிரதியிட்டால் (அ) 24, (ஆ) 24, (இ) 12, (ஈ) 24 எனக் கிடைப்பதால் (இ) மட்டுமே விலகுகிறது; ஒரே ஒரு மதிப்பை வைத்துப் பார்ப்பது போதாது என்பது இங்கேயே தெளிவாகிறது. n = 6 எனப் பிரதியிடும்போது (அ) 48 தருவதால் அதுவும் விலகுகிறது. மீதமுள்ள (ஆ), (ஈ) இரண்டுமே 192 தருகின்றன. எண்களைப் பிரதியிடுவதோடு நின்றால் இங்கே முடிவு கிடைக்காது. 56n − 144 என்பதன் முதல் மூன்று உறுப்புகள் −88, −32, 24. அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் எப்போதும் 56 என்பதால் அது கூட்டுத் தொடர்வரிசை. 3 × 2ⁿ தரும் 6, 12, 24, 48, … என்பதில் பொது விகிதம் 2. r-ஐ நேரடியாகக் கண்டும் உறுதி செய்யலாம்: t₆ ÷ t₃ = r³ = 8 என்பதால் r = 2; a × 4 = 24 என்பதால் a = 6; எனவே tₙ = 6 × 2^(n − 1), அதாவது 3 × 2ⁿ. விடை (ஆ).