ஏற்காடு தடப் பஸ் சூடேறுவது பற்றிப் பட்டறைக்கு ஒரு கடிதம்

சேலம்,
20 ஏப்ரல்

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஏற்காடு தடப் பஸ் மறுபடியும் கொதித்துவிட்டது. நேற்று நண்பகல் சர்வீஸில், பாதி மலைக்கு மேல் ஒரு கொண்டை ஊசி வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. பயணிகளை இறக்கி வெயிலில் நிற்க வைக்க வேண்டியதாயிற்று.

இதே கோளாறுக்குத் தங்களிடம் இதுவரை நடந்த வேலைகளை நினைவூட்டுகிறேன். டிசம்பரில் தெர்மோஸ்டாட் மாற்றினீர்கள். பிப்ரவரியில் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, கூலன்ட் புதிதாக ஊற்றினீர்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மார்ச்சில் வாட்டர் பம்ப், அதோடு ஃபேன் பெல்ட், மேல் ஹோஸ். எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தாயிற்று, பில்களும் என்னிடம் இருக்கின்றன. பழைய பம்பைக் கேட்டேன். இன்னும் கைக்கு வரவில்லை.

இதே பஸ்ஸை ஆத்தூருக்கு அனுப்பினால் நாள் முழுக்க முள் பாதியைத் தாண்டுவதில்லை. அடிவாரம் கடந்து இரண்டாவது கியரில் முழுச் சுமையோடு ஏறும்போதுதான் வம்பு. அந்த வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குப் போதாது. ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். நேற்று இன்ஜினை அணைத்ததும் ஓட்டுநர் ஃபேனைக் கையால் தள்ளிப் பார்த்திருக்கிறார். அவ்வளவு சூட்டிலும் அது தடையே இல்லாமல் சுற்றியது. ஃபேன் கிளட்ச் பிடிக்கவில்லை என்பது அவர் கணிப்பு. இருபது ஆண்டு அனுபவக்காரர் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தரையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை, ஆனால் தினமும் தண்ணீர் குறைகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி இயக்கினால் குமிழி விடாமல் வருகிறது. ஹெட் கேஸ்கட் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை ஒருமுறைகூட மாற்றியதாகப் பில்லில் இல்லை. அது அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஏற்காட்டின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் நிற்காத மூடியை வைத்துக்கொண்டு அங்கே ஏறுவது வீண் முயற்சி.

திங்கட்கிழமை காலை ஓட்டுநரோடு பஸ்ஸை அனுப்புகிறேன். இந்த முறை எதையும் கழற்றும் முன் ஃபேன் கிளட்ச், மூடி, குமிழி மூன்றையும் சோதியுங்கள். பிறகு தங்கள் மெக்கானிக் ஒருவர் மலை மேல் வரை பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும். பட்டறை வாசலில் ஓட விட்டுப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பியதை மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன்.

ஹெட்டைத் திறக்க வேண்டுமானால் முதலில் என்னிடம் தொலைபேசியில் செலவைச் சொல்லுங்கள். திறந்தால் அதன் முகம் சமமாக இருக்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள். பம்பிலோ ரேடியேட்டரிலோ மறுபடி வேலை என்றால் கூலி தர மாட்டேன். அடுத்த மாதம் ஏற்காட்டில் கோடைக் கூட்டம் தொடங்கிவிடும். அதற்கு முன் வண்டி தடத்தில் இருக்க வேண்டும். பழைய பம்பையும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
பஸ் உரிமையாளர்