கிடங்கு ஆர்டர் தாமத அறிக்கையில் நேர்ந்த பிழை: திருத்தமும் புதிய ஒப்படைப்பு நேரமும்

12 மார்ச் 2025, புதன்கிழமை

மதிப்பிற்குரிய செயற்பாட்டுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை, மார்ச் 10 அன்று, நாங்கள் உங்களிடம் ஒப்படைத்த 2024ஆம் ஆண்டுக்கான ஆர்டர் தாமத அறிக்கையில் நான்காம் கிடங்கு பற்றிய எண்கள் தவறானவை. அந்தத் தவறு எங்கள் கணக்கீட்டில் நேர்ந்தது. நீங்கள் அனுப்பிய தரவில் எந்தக் குறையும் இல்லை. திருத்திய அட்டவணைகள் நாளை, மார்ச் 13 வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்குள்ளும், திருத்திய முழு அறிக்கை மார்ச் 14 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள்ளும் உங்களிடம் வந்து சேரும். அதுவரை அறிக்கையின் 14 முதல் 19 வரையிலான பக்கங்களையும், முதல் பக்கச் சுருக்கத்தில் உள்ள மொத்த எண்களையும் எந்த முடிவுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்காம் கிடங்கில் ஆண்டு முழுவதும் வேலைப்பளு குறைவாகவும் சீராகவும் இருப்பதால் அங்குள்ள மாலை ஷிப்டைக் குறைக்கலாம் என்று 18ஆம் பக்கத்தில் நாங்கள் பரிந்துரைத்திருந்தோம். அந்தப் பரிந்துரையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறோம். அது பிழையான எண்களின் மேல் கட்டப்பட்டது; சரியான எண்கள் அதற்கு நேர்மாறானதையே காட்டுகின்றன. அங்கே பணிபுரிவோரின் வேலை நேரத்தைத் தொடும் ஒரு பரிந்துரை என்பதால், இதைப் பற்றி ஏதேனும் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை இன்றே நிறுத்திவைக்கும்படி வேண்டுகிறேன்.

இன்று காலை உங்கள் தரவுப் பிரிவு அலுவலர் எங்களுக்கு எழுதிய மடலில், 15ஆம் பக்கத்தில் உள்ள மாதவாரி வரைபடத்தில் நான்காம் கிடங்கின் பன்னிரண்டு தூண்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதையும், டிசம்பர் மாதத்தில் அந்தக் கிடங்கில் இடம் போதாமல் திணறியது அனைவரும் அறிந்ததே என்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார். அவர் சொன்னது சரி. அந்த வரைபடத்தை நாங்களும் பார்த்தோம். பார்த்தும், மற்ற மூன்று கிடங்குகளின் தூண்கள் ஏறி இறங்கும்போது இது மட்டும் ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்காமல், அந்தத் தட்டைத்தன்மைக்கு ஒரு விளக்கமும் எழுதி, அதிலிருந்து ஒரு பரிந்துரையும் வரைந்தோம். இந்தப் பிழையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அவருக்கு எங்கள் நன்றியைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

நடந்தது இதுதான். முதல் மூன்று கிடங்குகளின் கோப்புகளில் ஆர்டர் தேதி 2024-12-02 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கிறது. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. நான்காம் கிடங்கு 2024 ஜனவரியில் புதிய மென்பொருளுக்கு மாறியபின் அதன் கோப்பில் தேதி 02/12/2024 என்று நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வருகிறது. எங்கள் நிரலுக்கு அந்த வரிசையை நாங்கள் சொல்லித் தரவில்லை. கோப்பின் முதல் வரியில் இருந்த 02/01/2024 என்ற தேதியைப் பார்த்து, முதலில் வருவது மாதம் என்று நிரல் தானாகவே ஊகித்துக்கொண்டு, கீழே உள்ள எல்லா வரிகளையும் அந்த ஊகத்தின்படியே படித்தது.

இதனால் இரண்டு விதமான சேதம் ஏற்பட்டது. டிசம்பர் 2 அன்று பதிவான ஓர் ஆர்டர், 02/12/2024 என்று எழுதப்பட்டிருந்ததால் பிப்ரவரி 12 என்று படிக்கப்பட்டு பிப்ரவரிக் கணக்கில் சேர்ந்தது. டிசம்பர் 20 அன்று பதிவான ஆர்டருக்கு நேர்ந்தது இன்னும் மோசம்: 20ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்தத் தேதி வெற்றிடமாக மாறியது, தேதி இல்லாத வரிகளை நீக்கும் அடுத்த படியில் அந்த ஆர்டரே கணக்கிலிருந்து மறைந்தது. ஒவ்வொரு மாதத்திலும் 13ஆம் தேதிக்குப் பிந்தைய ஆர்டர்கள் அனைத்தும், 13ஆம் தேதியின் ஆர்டர்களும் சேர்த்து, இப்படித்தான் விடுபட்டன. வரைபடம் தட்டையானதற்கும் இதுவே காரணம். எஞ்சிய ஆர்டர்களில், எல்லா மாதங்களின் 1ஆம் தேதி ஆர்டர்களும் ஜனவரியிலும், 2ஆம் தேதி ஆர்டர்கள் பிப்ரவரியிலும், 12ஆம் தேதி ஆர்டர்கள் டிசம்பரிலும் போய்ச் சேர்ந்ததால், ஒவ்வொரு தூணிலும் ஆண்டின் எல்லா மாதங்களும் கலந்துவிட்டன.

எண்களில் சொன்னால், நான்காம் கிடங்கின் 9,640 ஆர்டர்களில் 5,862 விடுபட்டன. 3,467 ஆர்டர்கள் தவறான மாதத்தில் சேர்ந்தன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்த 311 ஆர்டர்கள் மட்டுமே சரியான இடத்தில் இருந்தன. அறிக்கையின் முதல் பக்கத்தில் மொத்த ஆர்டர்கள் 42,354 என்று அச்சாகியிருக்கிறது. சரியான மொத்தம் 48,216. மொத்தத்தில் நான்காம் கிடங்கின் பங்கு 8.9 சதவீதம் என்று எழுதியிருந்தோம்; உண்மையில் அது 20.0 சதவீதம். அந்தக் கிடங்கின் தாமத விகிதம் 15.6 சதவீதத்திலிருந்து 16.2 சதவீதமாகவும், நான்கு கிடங்குகளையும் சேர்த்த தாமத விகிதம் 11.3 சதவீதத்திலிருந்து 12.0 சதவீதமாகவும் மாறுகின்றன. விகிதங்கள் அதிகம் நகரவில்லை என்பது உண்மைதான் என்றாலும், ஒரு கிடங்கின் வேலைப்பளுவையே பாதிக்கும் குறைவாகக் காட்டிய அறிக்கையைச் சிறு திருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த எண்கள் இன்று பிற்பகல் செய்த முதல் மறுகணக்கீட்டில் கிடைத்தவை; நாளை வரும் அட்டவணைகளையே உறுதியானவையாகக் கொள்ளவும்.

திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. உங்கள் தரவுப் பிரிவு தானே சரிபார்க்க விரும்பினால் அதற்கு உதவும் என்பதால், பழைய வரியையும் புதிய வரியையும் இங்கே தருகிறேன்.

```
# பழையது
pd.to_datetime(df["order_date"], errors="coerce")

# புதியது
pd.to_datetime(df["order_date"], format="%d/%m/%Y")
```

பழைய வரியில் இருந்த `errors="coerce"` என்பது, படிக்க முடியாத தேதியை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெற்றிடமாக்கிவிடும். புதிய வரியில் தேதியின் வரிசை வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அந்த வரிசைக்குப் பொருந்தாத ஒரே ஒரு தேதி இருந்தாலும் நிரல் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கோப்பில் முதலில் வருவது நாள்தான் என்பதையும் ஊகமாக விடவில்லை: முதல் இலக்கங்கள் 31 வரை செல்கின்றன, நடு இலக்கங்கள் எந்த வரியிலும் 12ஐத் தாண்டவில்லை.

இதை நாங்கள் ஏன் முன்பே பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். கோப்புகளைப் படித்தவுடன் வரிகளை எண்ணிப் பார்த்தோம். 48,216 என்று சரியாகவே இருந்தது. ஆனால் அந்தச் சோதனை தேதிகளை மாற்றும் படிக்கு முன்னால் இருந்தது. அதற்குப் பின்னால் யாரும் மறுபடி எண்ணவில்லை. இப்போது ஒவ்வொரு படியின் முடிவிலும், கிடங்குவாரியாக, உள்ளே வந்த வரிகளும் வெளியே சென்ற வரிகளும் ஒப்பிடப்படுகின்றன. ஒரு வரி நீக்கப்பட்டாலும் அதன் காரணம் தனிப் பட்டியலில் பதிவாகும். அந்தப் பட்டியலும் அறிக்கையோடு உங்களுக்கு வரும்.

மற்ற மூன்று கிடங்குகளின் தேதிகளையும் இன்றே மறுபடி சரிபார்த்தோம். அவற்றில் ஒரு வரியும் விடுபடவில்லை, மாதமும் மாறவில்லை. எனவே 4 முதல் 13 வரையிலான பக்கங்களில் அந்தக் கிடங்குகளுக்குத் தனித்தனியே கொடுக்கப்பட்ட எண்கள் அப்படியே நிற்கும். சென்ற ஆண்டு நாங்கள் ஒப்படைத்த 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கையையும் எடுத்துப் பார்த்தோம். அது நான்காம் கிடங்கின் பழைய மென்பொருள் தந்த கோப்பிலிருந்து தயாரானது. அதில் இந்தப் பிழை இல்லை.

புதிய நேரம் எப்படி முடிவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கீடு இன்றிரவே முடிந்துவிடும். ஆயினும் இந்த முறை, முதல் அறிக்கையில் பங்கேற்காத எங்கள் குழுவினர் ஒருவர், எங்கள் நிரலைப் பார்க்காமல், நான்காம் கிடங்கின் எண்களை மூலக் கோப்பிலிருந்து தனியாகக் கணக்கிடுகிறார். இரண்டு விடைகளும் மாதத்துக்கு மாதம் ஒத்துப்போன பிறகுதான் அட்டவணைகள் உங்களுக்கு அனுப்பப்படும். அதன்பின் 14 முதல் 19 வரையிலான பக்கங்களை முழுமையாக மாற்றி எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எண்களை மட்டும் மாற்றினால் அவற்றைச் சுற்றியுள்ள விளக்கங்கள் பழைய எண்களையே பேசிக்கொண்டிருக்கும். மார்ச் 17 திங்கட்கிழமை உங்கள் நிர்வாகக் குழு கூடுவதை நினைவில் வைத்தே வெள்ளி மாலை 4 மணியை வரம்பாகக் குறித்தேன். இந்த நேரம் உங்கள் தரப்பிலிருந்து எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. கோப்பின் பெயர் `delay_report_2024_v2.pdf` என்று இருக்கும். மாறிய இடங்கள் ஒவ்வொன்றும் ஓரக் கோட்டால் குறிக்கப்பட்டிருக்கும்.

பழைய அறிக்கை உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கேனும் போயிருந்தால், கீழே உள்ளதை அப்படியே அனுப்பலாம்:

"மார்ச் 10 அன்று பகிரப்பட்ட ஆர்டர் தாமத அறிக்கையில், நான்காம் கிடங்கு பற்றிய எண்களும் முதல் பக்க மொத்தங்களும் அறிக்கை தயாரித்தவர்களின் கணக்கீட்டுப் பிழையால் தவறாக உள்ளன. 18ஆம் பக்கத்தில் உள்ள ஷிப்ட் குறைப்புப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. திருத்திய அறிக்கை மார்ச் 14 மாலை 4 மணிக்குள் வரும். அதுவரை பழைய பிரதியைப் பயன்படுத்த வேண்டாம்."

இந்தத் திருத்தப் பணிக்குக் கட்டணம் ஏதும் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன் புதிய எண்களை உங்களோடு சேர்ந்து ஒருமுறை பார்ப்பது உதவும் என்று நீங்கள் கருதினால், வெள்ளி மாலை 5 மணிக்கோ திங்கள் காலை 9 மணிக்கோ அழைப்பில் இருக்க நான் தயாராக இருக்கிறேன். உங்களுக்கு எது வசதி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எங்களை நம்பி ஒப்படைத்த பணியில் இப்படி ஒரு பிழை நேர்ந்ததற்கும், அதை உங்கள் அலுவலரே கண்டுபிடித்துச் சொல்ல நேர்ந்ததற்கும் குழுவின் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையை உங்களுக்கு அனுப்பும் முன் இறுதியாகப் பார்த்து ஒப்புதல் அளித்தவன் நான். அதன் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திட்டப் பொறுப்பாளர், தரவுப் பகுப்பாய்வுக் குழு