எடுப்பு ஏன் செலவில் வரவில்லை?

கரூர்
12.09.2025

மதிப்பிற்குரிய ஆடிட்டர் சார் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் செல்வராஜ் எழுதுகிறேன். போனில் கேட்டால் பாய்லர் இரைச்சலில் நீங்கள் சொல்வது காதில் விழாது. செப்டம்பர் மாதம் உங்கள் ஆபீஸில் உட்காரவும் இடம் இருக்காது. அதனால்தான் கடிதம்.

2024-25 கணக்கை உங்கள் ஆபீஸ் தம்பி கொண்டுவந்து கொடுத்தார். நிகர லாபம் 4,23,000 ரூபாய் என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "அந்தப் பணம் எங்கே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தாளைப் புரட்டினால், நான் கடையிலிருந்து சொந்தத்துக்கு எடுத்ததை எடுப்பு 3,97,440 என்று போட்டு என் முதலீட்டிலிருந்து கழித்திருக்கிறீர்கள். அதை ஏன் செலவில் எழுதவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். "எடுப்பு செலவில் வராதுண்ணே" என்றார். வராது என்று தெரிகிறது. ஏன் வராது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வரிக்காகக் கேட்கவில்லை. இந்த லாபத்துக்கு வரி வராது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கொஞ்சம் நானே யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குத் தினம் எடுத்துப் போகும் ஒரு லிட்டர் பால், பையனின் காலேஜ் ஃபீஸ், எல்.ஐ.சி. பிரீமியம், இதெல்லாம் கடைச் செலவு இல்லை, சரி. கல்லாவில் இருந்து நான் 800 எடுத்தாலும் 1,200 எடுத்தாலும் அன்றைக்கு விற்ற டீ விற்றதுதான். தங்கை மகள் கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்த மாதத்தில் வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. எடுத்ததையெல்லாம் செலவென்று எழுதினால், நிறைய எடுக்கிறவன் கடை நஷ்டத்தில் ஓடுகிற மாதிரி தெரியும். இதுவரை புரிகிறது.

புரியாதது மாஸ்டர் விஷயம். அவருக்கு நாளுக்கு 700 ரூபாய், வருடத்துக்கு 2,52,000. அதைச் செலவில் எழுதியிருக்கிறீர்கள். நான் காலை நாலரைக்குப் பாய்லர் பற்றவைத்து, இரவு ஒன்பதரைக்குக் கிளாஸ் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். என் உழைப்புக்கு அந்தத் தாளில் ஒரு ரூபாய்கூட இல்லையே சார். பொங்கலுக்கு மாஸ்டர் ஐந்து நாள் ஊருக்குப் போனார். ஐந்து நாளும் நானே டீ ஆற்றினேன். அவர் சம்பளம் 3,500 மிச்சம், அது அப்படியே லாபத்தில் ஏறிவிட்டது. ஏறியது லாபமா, என் தோள்வலியா?

எதிர்க் கடையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பார்ட்னர்ஷிப் போட்டு நடத்துகிறார்கள். அவர்கள் எடுக்கும் சம்பளம் பத்திரத்தில் எழுதியிருப்பதால் ஒரு அளவு வரைக்கும் செலவில் போகிறதாம். கம்பெனி என்று பதிந்துவிட்டால் டைரக்டருக்கும் சம்பளம் உண்டாம். அதே டீ, அதே பால். தனியாளாக நடத்துகிறவனுக்கு மட்டும் ஏன் கிடையாது? எனக்கு நானே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் காரணமா? அப்படியென்றால் இன்னொரு சந்தேகம். கடை வேறு, நான் வேறு என்று வைத்துத்தான் கணக்கு எழுதுகிறோம் என்று முன்பு நீங்கள் சொன்னீர்கள். சம்பளம் கேட்கும்போது மட்டும் கடையும் நானும் எப்படி ஒரே ஆள் ஆகிவிடுகிறோம்?

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கோவை ரோட்டில் ஒரு இடம் வாடகைக்கு வருகிறது. இரண்டாவது கடை போடலாமா என்று பேச்சு. 4,23,000 லாபத்தைக் காட்டினால் பேங்கில் கடன் கிடைக்கலாம். ஆனால் அங்கே நான் நிற்க முடியாது, என் இடத்தில் இன்னொரு மாஸ்டர் போட வேண்டும். அவருக்கும் 2,52,000 என்று கழித்தால் இதே வியாபாரத்தில் மிஞ்சுவது 1,71,000தான். அதில் வட்டியும் போக வேண்டும். நான் போட்ட இந்தக் கணக்கு சரியா? சரி என்றால் கடை போடுவதா என்பதை எந்த எண்ணை வைத்து முடிவு செய்வது?

அப்புறம், மனைவி வீட்டில் தினம் 120 வடை போட்டுக் கொடுக்கிறாள். அவளுக்கு நியாயமாக ஒரு சம்பளம் வைத்து, மாதாமாதம் அவள் பேங்க் கணக்கில் போட்டால் அது செலவில் வருமா? இல்லை, அதுவும் என் எடுப்பில்தான் சேருமா? இதை நான் கேட்கவில்லை, அவள் கேட்கச் சொன்னாள்.

பதிலை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்பினால் போதும். இடத்துக்காரர் 25ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். ஆகஸ்ட் மாத பால் பில்லும் கடன் நோட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டில் 14ஆம் பக்கம் எண்ணெய் கொட்டிவிட்டது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
செல்வராஜ்